வார்டு கணினியில் எழுத்து தெரியவில்லையா? கணினிப் பிரிவுக்குக் கடிதம் எழுதும் முறை

"வார்டு கம்ப்யூட்டரில் எழுத்து சிறிதாக உள்ளது, பெரிதாக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." இப்படி ஒரே வரியில் போகும் கடிதத்துக்கு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார். ரெசல்யூஷனைக் குறைப்பார். எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். 'சேவ்' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அடுத்த ஷிப்டில் வருபவர் எரிச்சலில் பழையபடி மாற்றிவிடுவார். கடிதத்தின் மேல் "சரிசெய்யப்பட்டது" என்று குறிப்பு ஏறி, கோப்பு மூடப்படும்.

வந்தவர் மீது தப்பில்லை. "எழுத்து தெரியவில்லை" என்ற ஒரு புகாருக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். எழுத்து சிறிதாக இருக்கலாம், வெளிறி இருக்கலாம், கலங்கலாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டிய ஆள் வேறு. எது என்று கடிதத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவமனைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, வார்டு சார்பில் இப்படியொரு கடிதம் எழுதும் பொறுப்பு வந்திருக்கும் செவிலியர்களுக்கான வழிமுறை இது.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிப்பது

வழக்கமாக வேலை செய்யும் இடத்தில், வழக்கமாக நிற்கும் தூரத்தில் நில்லுங்கள். உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நர்சிங் ஸ்டேஷனில் பாதி நேரம் நின்றபடி, ஒரு கையில் கேஸ் ஷீட்டுடன்தான் திரையைப் பார்க்கிறோம்.

திரையில் ஒரே அளவுள்ள இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். ஒன்று அடர் கறுப்பு, இன்னொன்று சாம்பல். நோயாளியின் பெயர் கறுப்பிலும், அதன் கீழே அட்மிஷன் தேதி சாம்பலிலும் இருப்பது வழக்கம். இரண்டையுமே படிக்க முடியவில்லை என்றால் அளவுதான் குறை. கறுப்பு தெரிகிறது, சாம்பல் தெரியவில்லை என்றால் குறை நிறத்தில் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஓரளவு தேறும், முழுதாகச் சரியாகாது. கிட்டே போய் 30 செ.மீ. தூரத்தில் பார்த்தாலும் எழுத்தின் ஓரம் பஞ்சு பிய்ந்தது போல இருந்தால் அது கலங்கல்.

கலங்கலை முதலில் முடித்துவிடுங்கள், ஏனென்றால் அது இருக்கும்வரை மற்ற இரண்டையும் அளக்க முடியாது. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. ரெசல்யூஷன் மானிட்டரின் இயல்பான அளவில் இல்லாமல் இருப்பது முதல் காரணம். `Settings > System > Display` பக்கத்தில் ரெசல்யூஷன் பட்டியலைத் திறந்தால் ஒன்றின் பக்கத்தில் `Recommended` என்று இருக்கும். அதுதான் இருக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதது. அதைவிடக் குறைந்த ரெசல்யூஷன் கொடுத்தால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக இழுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது, அந்த அரைப் புள்ளிதான் மங்கல். பழைய நீலத்தலை விஜிஏ கேபிள் இரண்டாவது காரணம். மானிட்டரின் பட்டன்களில் `Auto` அல்லது `Auto Adjust` என்று இருப்பதை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் தெளியும். மூன்றாவது, திரையில் படிந்த கைரேகையும் தூசியும். இதைக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை. சற்றே ஈரமான மெல்லிய துணி போதும். எந்தத் திரவத்தையும் திரை மேல் நேராகத் தெளிக்காதீர்கள், வழிந்து கீழ் ஓரத்துக்குள் இறங்கிவிடும்.

மாலை வெயில் திரையில் அடிக்கும் வார்டுகளில் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒருமுறை பாருங்கள். காலையில் நன்றாகத் தெரிந்து பிற்பகலில் மட்டும் தெரியாமல் போனால், அமைப்பை மாற்றிப் பயனில்லை. திரையின் முகம் ஜன்னலைப் பார்க்காமலும், ஜன்னல் திரைக்கு நேர் பின்னால் இல்லாமலும், பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்ப வேண்டும்.

அளந்து எழுதுங்கள்

"சிறியது" என்ற சொல்லுக்குக் கணினிப் பிரிவில் மதிப்பில்லை. அவர்கள் கண்ணுக்கு அது சிறியதாக இல்லாமல் இருக்கலாம், அதுவும் 45 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது. எண்ணைக் கொடுத்தால் மறுக்க முடியாது. இரண்டே எண்கள் போதும். கண்ணிலிருந்து திரைக்கு எவ்வளவு தூரம், எழுத்தின் உயரம் எவ்வளவு.

தூரத்தைத் தையல் டேப்பால் அளக்கலாம். சக ஊழியர் ஒருவர் டேப்பின் நுனியை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப் பொட்டருகே பிடிக்கட்டும். எழுத்தின் உயரத்தை அளக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் ஒட்டவைத்து, போனில் நேராகப் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கி எண்ணுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டரை வெறும் கண்ணால் அளந்தால் தப்பும். ஆங்கிலப் பெரிய எழுத்தான `H` அல்லது ஏதாவது ஓர் இலக்கத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? தூரத்தை மில்லிமீட்டரில் எழுதி 200-ஆல் வகுங்கள். 60 செ.மீ. என்றால் 600-ஐ 200-ஆல் வகுக்க 3 மி.மீ. வரும். 90 செ.மீ. என்றால் 4.5 மி.மீ. இது கண்ணில் எழுத்து உண்டாக்கும் கோணத்தை வைத்து வரும் கணக்கு. இப்படி வகுத்தால் கிடைப்பது சுமார் 17 கலை, அதாவது ஒரு பாகையை அறுபதாக்கினால் அதில் 17 பங்கு. திரைகளுக்கான ஐஎஸ்ஓ 9241-303 தரநிலை குறைந்தபட்சமாகச் சொல்வது 16 கலை; நீண்ட நேரம் வசதியாகப் படிக்க 20 முதல் 22 வரை. எனவே 200-ஆல் வகுத்துக் கேட்பது ஆடம்பரமான கோரிக்கை இல்லை, அடிமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிறது.

இந்தக் கணக்கு ஆங்கில எழுத்துக்கு. தமிழ் எழுத்துக்கு இதே அளவு போதாது என்பது வார்டில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். சிறிய அளவில் புள்ளி காணாமல் போகும், 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும், 'கி'யும் 'கீ'யும் குழம்பும். உங்கள் மென்பொருளில் நோயாளி பெயர் தமிழிலும் வந்தால் அந்த வரியைத் தனியாகப் பார்த்து, தெரிகிறதா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதை அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். தவறாகப் படித்தால் ஆபத்து வரும் இடங்கள் மட்டும் போதும். ஐ.பி. எண், மருந்தின் அளவு, லேப் ரிப்போர்ட்டின் மதிப்பு, இந்த மூன்றும் முதலில். மருந்தளவில் 0.5-க்கும் 5-க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. பொட்டாசியம் 3.5 என்பதை 5.5 என்று படித்தால் நடவடிக்கையே தலைகீழாக மாறிவிடும். ஐ.பி. எண்ணில் 3, 8, 6 ஆகியவை சிறிய எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நம் பக்கத்தில் ஐ.பி. எண்ணின் முக்கியத்துவம் இன்னும் கூடுதல். பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து வரும் நோயாளிகளில் ஒரே வார்டில் இரண்டு மாதம்மாள், மூன்று முனியம்மாள் இருப்பது சாதாரணம். திரையிலோ அது `MADHAMMAL`, `MATHAMMAL`, `MADAMMAL` என்று பதிவு செய்தவர் கைக்கு வந்தபடி இருக்கும். பெயரை நம்ப முடியாத இடத்தில் எண்தான் ஆளைக் காட்டுகிறது.

ஒரு வார்டின் கணக்கு

18.5 அங்குல மானிட்டர், ரெசல்யூஷன் 1366×768 என்று வைத்துக்கொள்வோம். பழைய மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள அளவு இது. இதில் ஒரு புள்ளி சுமார் 0.3 மி.மீ. பட்டியல்களில் வரும் வழக்கமான சிறிய எழுத்து 12 புள்ளி அளவு என்றால், அதில் பெரிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய எட்டரைப் புள்ளி. கணக்குப்படி 2.5 மி.மீ., ஸ்கேலில் அளந்தாலும் அதுவே வரும்.

செவிலியர் நிற்கும் தூரம் 90 செ.மீ. வேண்டிய உயரம் 4.5 மி.மீ. இருப்பது 2.5. மென்பொருள் பிரவுசரில் ஓடுகிறது என்றால் `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு `+` விசையைத் தட்டித் தட்டிப் பார்க்கலாம். 175 சதவீதத்தில் 4.4 மி.மீ. வரும். ஆனால் அந்தப் பெரிதாக்கலில் 1366 புள்ளி அகலம் பக்கத்துக்கு 780 புள்ளி போலச் சுருங்கிவிடுகிறது. மருந்துப் பட்டியலின் வலது ஓரத்தில் உள்ள 'எத்தனை வேளை' என்ற கட்டம் திரைக்கு வெளியே போகும். எழுத்து தெரிய வேண்டும் என்று போய், தெரிய வேண்டிய கட்டத்தையே இழந்தால் என்ன லாபம்?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மானிட்டர் ஏன் 90 செ.மீ. தள்ளி இருக்கிறது? மேசையின் பின் ஓரத்தில், சுவரை ஒட்டி நிற்பதால். அது ஏன் அங்கே நிற்கிறது? கேபிள் குட்டை. சிபியு கீழே, பிளக் பாயிண்ட் சுவரில், கேபிள் அதற்கு மேல் வராது. மூன்று மீட்டர் நீளமுள்ள கேபிளும் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டும் கிடைத்தால் மானிட்டரை முன்னுக்கு இழுக்கலாம். தூரம் 60 செ.மீ. ஆகும். இப்போது வேண்டியது 3 மி.மீ. மட்டுமே. 125 சதவீதத்தில் 3.1 மி.மீ. கிடைக்கிறது, எந்தக் கட்டமும் வெளியே போகாமல் அடங்குகிறது. அமைப்பை முழுதாகப் புரட்டிப்போடாமல் சில நூறு ரூபாயில் முடியும் வேலை. எனவே கடிதத்தில் இது முதல் கோரிக்கையாகவே போக வேண்டும்.

மென்பொருள் பிரவுசரில் ஓடாமல் தனி நிரலாக இருந்தால் `Settings > System > Display > Scale` மூலம்தான் பெரிதாக்க முடியும். 125 சதவீதம் கொடுத்துப் பாருங்கள். பழைய நிரல்கள் சில இதற்குத் தயாராக எழுதப்பட்டவை அல்ல. விண்டோஸ் அவற்றைப் படம்போல இழுத்துக் காட்டும், எழுத்து கலங்கும். அப்படி நடந்தால் நிரலின் ஐகானில் வலது சொடுக்கு, `Properties`, `Compatibility`, `Change high DPI settings`, அங்கே `Override high DPI scaling behavior` என்பதை டிக் செய்து, கீழே உள்ள பெட்டியில் `System (Enhanced)` என்று தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எல்லா நிரலுக்கும் இது கைகொடுக்காது. கொடுக்கும் இடத்தில் நன்றாகவே கொடுக்கும். வேறு கணினியில் ஓடும் நிரலை ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பார்க்கும் இடங்களில், உள்ளே போய் இந்த அளவை மாற்ற முடியாது. வெளியிலிருந்து இணைவதற்கு முன் மாற்ற வேண்டும். எனவே உங்கள் வார்டில் எது என்று கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது.

பெரிதாக்கிப் பார்த்தபின் வார்டில் உள்ளதிலேயே நீளமான பக்கத்தைத் திறந்து சோதியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்து ஆர்டர் பக்கமும் நல்ல சோதனைகள். 'சேவ்' பொத்தான் எங்கே இருக்கிறது, உருட்டினால் வருகிறதா, உருட்டவே முடியாத சிறு பெட்டி ஏதாவது திறந்து அதன் கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறதா? இந்த விடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சோதித்து முடித்ததும் `Ctrl` உடன் `0` தட்டினால் பிரவுசர் பழைய நிலைக்குத் திரும்பும்.

நிறம் கேட்கும்போது கவனம்

விண்டோஸில் உயர் வேறுபாட்டு நிறத்திட்டங்கள் உள்ளன. 11-இல் `Settings > Accessibility > Contrast themes`. இடப்பக்க `Alt`, இடப்பக்க `Shift`, `Print Screen` மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். பார்த்ததும் "இதையே எல்லாக் கணினியிலும் போட்டுக் கொடுங்கள்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்.

காரணம் இது. இந்தத் திட்டம், பக்கத்தை வடிவமைத்தவர் கொடுத்த நிறங்களை அகற்றிவிட்டுத் தன் நிறங்களைப் போடும். லேப் ரிப்போர்ட்டில் அசாதாரண மதிப்பு சிவப்பு எழுத்தில் மட்டும் காட்டப்பட்டு, பக்கத்தில் `H`, `L` போன்ற குறி எதுவும் இல்லை என்றால், அந்தச் சிவப்பு மறைந்து எல்லா மதிப்பும் ஒரே நிறமாகிவிடும். அலர்ஜி உள்ளவருக்குப் போட்ட மஞ்சள் பட்டையும் காணாமல் போகலாம். படிக்கத் தெளிவாகவும் எச்சரிக்கை இல்லாமலும் ஒரு திரை இருப்பது, மங்கலான திரையைவிட மோசம். எனவே இந்தத் திட்டத்தைக் கேட்பதாக இருந்தால், அசாதாரண மதிப்புள்ள ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துப் பார்த்த பிறகே கேளுங்கள்.

கேட்க வேண்டியது வேறு. மென்பொருளில் உள்ள சாம்பல் எழுத்தை அடர்த்தியாக்கச் சொல்ல வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை விகிதமாகச் சொல்வார்கள். வெள்ளையில் கறுப்பு 21:1. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல், சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது. கூடுதல் தரத்துக்கு 7:1. மென்பொருள்களில் அடிக்கடி வரும் `#999999` என்ற சாம்பல், வெள்ளையில் 3:1-ஐக் கூடத் தொடாது. அதையே `#595959` ஆக்கினால் 7:1 கிடைக்கிறது. தோற்றம் கிட்டத்தட்ட அதேதான், படிப்பது மட்டும் எளிதாகும். இன்னொரு ஆச்சரியம், வெள்ளையில் முழுச் சிவப்பு எழுத்து 4:1 மட்டுமே. எச்சரிக்கைக்கென்று போட்ட நிறமே தரத்துக்குக் கீழே நிற்கிறது, அதுவும் இளஞ்சிவப்புப் பட்டை மேல் போட்டால் இன்னும் கீழே.

விகிதத்தை நீங்கள் அளக்க வேண்டியதில்லை. கணினிப் பிரிவில் இருப்பவர் குரோமில் `Ctrl + Shift + C` அழுத்தி எழுத்தின் மேல் சுட்டியை வைத்தால் `Contrast` என்று எண்ணோடு காட்டும். "இந்த இரண்டு கட்டங்களை அளந்து பாருங்கள்" என்று கேட்டால் போதும்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவால் இந்த நிறத்தை மாற்ற முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் மென்பொருள் மாநில அளவில் ஒன்றாக வருவது. தனியார் என்றால் விற்ற நிறுவனத்திடம் போக வேண்டும். எனவே நிறம் பற்றிய கோரிக்கையில் "மாற்றித் தரவும்" என்று எழுதாமல் "மென்பொருள் பிரிவுக்கு அனுப்பி, அனுப்பிய விவரத்தைத் தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். முதல் வகையில் எழுதினால் "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்ற பதிலோடு மொத்தக் கடிதமும் திரும்பி வரும்.

பொதுக் கணினி என்பதால் வரும் சிக்கல்

எழுத்து அளவும் பிரவுசர் பெரிதாக்கலும் ஆளோடு வருவதில்லை, லாகின் கணக்கோடு வருகின்றன. வார்டில் எல்லோரும் ஒரே விண்டோஸ் கணக்கில் வேலை செய்தால் ஒருமுறை மாற்றியது எல்லோருக்கும் மாறும். ஆளுக்கொரு கணக்கு என்றால் ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்ய வேண்டும். பிரவுசரை இன்காக்னிட்டோ நிலையில் திறக்கும் வழக்கம் உள்ள இடங்களில் மூடியதும் பெரிதாக்கலும் அழியும். சில மருத்துவமனைகளில் மறுதொடக்கம் செய்யும்போது கணினி பழைய நிலைக்கே திரும்பும்படி பூட்டி வைத்திருப்பார்கள். சோதிக்க எளிய வழி, இன்று 125 சதவீதம் வைத்து, கணினியை அணைத்துப் போட்டு, மீண்டும் திறந்து பார்ப்பது. பழையபடி இருந்தால் கடிதத்தில் அதைக் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் வந்தவரும் அதே மாற்றத்தைச் செய்துவிட்டுப் போவார், மறுநாள் மின்வெட்டோடு அதுவும் போகும்.

எல்லோருக்கும் ஒரே அமைப்பு என்பதால் சக ஊழியர்களைக் கேட்காமல் எழுத வேண்டாம். மூன்று ஷிப்டிலும் ஆளுக்கு ஒரு நிமிடம் போதும், 125 சதவீதத்தில் வைத்துக் காட்டி "வேலைக்கு இடைஞ்சலா?" என்று கேளுங்கள். நாற்பது வயதைக் கடந்த சிஸ்டர்களுக்குப் படிக்கும் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்காகக் கொடுக்கப்பட்டிருக்கும். 60, 90 செ.மீ. தூரத்துத் திரைக்கு அது பொருந்தாது. "கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்" என்று யாராவது சொன்னால் சொல்ல வேண்டிய பதில் இது.

கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கணினியின் சொத்து எண் ஒட்டுத்தாளில் இருக்கும். இல்லையென்றால் தேடல் பெட்டியில் `cmd` என்று தட்டி, திறக்கும் பெட்டியில் `hostname` தட்டினால் கணினியின் பெயர் வரும். `winver` தட்டினால் விண்டோஸ் பதிப்பு. மாதிரி இதோ, உங்கள் வார்டின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

> அனுப்புநர்: பொறுப்புச் செவிலியர், பெண்கள் மருத்துவ வார்டு, முதல் தளம்
>
> பெறுநர்: பொறுப்பாளர், கணினிப் பிரிவு
>
> வழி: செவிலியர் கண்காணிப்பாளர் அவர்கள்
>
> பொருள்: வார்டின் இரண்டு பொதுக் கணினிகளில் எழுத்தளவையும் எழுத்து நிறத்தையும் சரிசெய்யக் கோருதல்
>
> ஐயா / அம்மா, வணக்கம்.
>
> எங்கள் நர்சிங் ஸ்டேஷனில் உள்ள இரண்டு கணினிகளை (சொத்து எண்கள் இணைப்பில்) மூன்று ஷிப்டிலும் அனைத்துச் செவிலியரும் ஒரே விண்டோஸ் கணக்கில் பயன்படுத்துகிறோம். மானிட்டர் 18.5 அங்குலம், ரெசல்யூஷன் 1366×768, பரிந்துரைத்த அளவிலேயே உள்ளது. மென்பொருள் பிரவுசரில் இயங்குகிறது.
>
> மருந்து ஆர்டர், லேப் ரிப்போர்ட், நோயாளிப் பட்டியல் ஆகிய மூன்று பக்கங்களில் இலக்கங்களின் உயரம் 2.5 மி.மீ. நாங்கள் நின்று பார்க்கும் தூரம் 90 செ.மீ. இந்தத் தூரத்தில் ஐ.பி. எண்ணில் 3, 8, 6 ஆகியவையும் மருந்தளவில் தசமப் புள்ளியும் பிரித்தறிய முடியவில்லை. படங்கள் இணைப்பில் உள்ளன.
>
> எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> முதலாவதாக, மானிட்டரை மேசையின் முன்பக்கம் கொண்டுவர 3 மீட்டர் டிஸ்ப்ளே கேபிளும் எக்ஸ்டென்ஷன் போர்டும் தேவை. தூரம் 60 செ.மீ. ஆகும்.
>
> இரண்டாவதாக, பிரவுசரின் பொது அளவை 125 சதவீதமாக நிலையாக அமைத்துத் தரவும். நாங்கள் சோதித்தபோது எல்லாப் பொத்தான்களும் தெரிந்தன. ஆனால் கணினியை அணைத்துத் திறந்ததும் 100 சதவீதத்துக்குத் திரும்பிவிடுகிறது. ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டாம், எழுத்து கலங்குகிறது.
>
> மூன்றாவதாக, நோயாளிப் பட்டியலில் அட்மிஷன் தேதியும் லேப் ரிப்போர்ட்டில் அலகும் வெளிர் சாம்பலில் உள்ளன. இவற்றின் ஒளி வேறுபாட்டை அளந்து, 4.5:1-க்குக் குறைவாக இருந்தால் மென்பொருள் பிரிவுக்கு அனுப்பி, அனுப்பிய விவரத்தைத் தெரிவிக்கவும். விண்டோஸ் உயர் வேறுபாட்டுத் திட்டத்தை இயக்க வேண்டாம். லேப் ரிப்போர்ட்டின் சிவப்புக் குறி அதில் மறைகிறது.
>
> முதலில் ஒரு கணினியில் மட்டும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, குறைகளை எழுதித் தருகிறோம். பிற்பகல் 2 மணி முதல் 3 மணி வரை வந்தால் கணினியை ஒதுக்கித் தர இயலும்.
>
> இப்படிக்கு, (கையொப்பம், நாள்)
>
> இணைப்பு: படங்கள் 3, கணினி விவரம் 1

"வேண்டாம்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பது மரியாதைக் குறைவு என்று தோன்றலாம். ஆனால் அவைதான் கடிதத்தின் காவல். நல்லெண்ணத்தோடு வரும் ஒருவர் சுலபமான வழியில் போய்விடாமல் தடுக்கும் வரிகள் அவை. வரும் நேரத்தைக் குறிப்பிடுவதையும் விடாதீர்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் வந்து, கணினி காலியில்லை என்று திரும்பிப் போய்விட்டால் அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

இணைக்கும் படங்களில் நோயாளியின் பெயர், ஐ.பி. எண், போன் எண் எதுவும் தெரியக் கூடாது. போனில் உள்ள பேனாக் கருவியால் கிறுக்கி மறைத்தால் சில சமயம் உள்ளே இருப்பது லேசாகத் தெரியும். அச்செடுத்து, கறுப்பு மார்க்கரால் அழித்து, அதை மீண்டும் நகலெடுத்து இணைப்பது பாதுகாப்பு. எண்ணின் அளவைக் காட்ட வேண்டுமே என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் விடுங்கள். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இதைப் பாருங்கள்" என்று சொல்வது கூடவே கூடாது.

கொடுத்த பிறகு

நேராகக் கணினிப் பிரிவில் கொடுக்காமல் செவிலியர் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுங்கள். தபால் பிரிவில் பதிவு எண் வாங்கி, உங்கள் நகலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நினைவூட்டுக் கடிதம் எழுதும்போது அந்த எண் இல்லாமல் பேச்சே எடுபடாது. கேபிள் வாங்குவதற்குச் சிறு செலவினத்தில் ஒப்புதல் வேண்டியிருக்கும், எனவே அந்த ஒன்று மட்டும் தாமதமாகலாம். அதற்காக மற்ற இரண்டும் காத்திருக்க வேண்டியதில்லை என்று நேரில் சொல்லிவிடுங்கள்.

மென்பொருள் பிரிவு மறுத்தால் சொல்ல ஒன்று கையில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தகவல் தொழில்நுட்பமும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் அணுகல்தன்மைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802, 2023-இல் அந்தச் சட்டத்தின் விதிகளில் சேர்க்கப்பட்டது. முதல் கடிதத்திலேயே இதைப் போட வேண்டாம், சண்டைக்கு வருவது போல இருக்கும். பார்வைக் குறைபாட்டுச் சான்றுள்ள செவிலியர் ஒருவருக்குத் தனி ஏற்பாடு வேண்டுமானால், அது அவர் பெயரில் தனிக் கடிதமாகப் போக வேண்டும். வார்டின் பொதுக் கோரிக்கையோடு அதைக் கலந்தால் இரண்டுமே வலுவிழக்கும்.

பதில் வரும்வரை இடைக்கால வழி ஒன்று உண்டு. `Windows` விசையோடு `+` அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும், `Windows` விசையோடு `Esc` அழுத்தினால் மூடும். மருந்தளவைச் சரிபார்க்கும் அந்த ஒரு நொடிக்கு இது போதும். மூடாமல் போய்விட்டால் அடுத்து வருபவருக்குத் திரையின் ஒரு மூலைதான் தெரியும். மூடும் விசையை ஒரு சிறு தாளில் எழுதி மானிட்டரின் கீழ்ச்சட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேலை மீண்டும் எடுத்து அதே மூன்று இடங்களையும் இப்போதைய தூரத்தையும் அளந்து பாருங்கள். மூன்று மி.மீ. வந்திருக்கிறதா, அணைத்துத் திறந்தாலும் நிற்கிறதா, சிவப்புக் குறி தெரிகிறதா என்று பார்த்த பிறகே "முடிந்தது" என்ற படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். மென்பொருளில் புதிய பதிப்பு வந்த அன்றும் ஒருமுறை அளந்துவிடுங்கள். முகவரி மாறினால் பிரவுசர் அந்தத் தளத்துக்கென நினைவில் வைத்திருந்த அளவு போய்விடும், பொது அளவாக அமைத்திருந்தால் மட்டுமே நிற்கும்.